போர்டு மீட்டிங்கில் ஒரு வரி விளக்கம் இல்லாததால் ஆறரை லட்சம் போனது

ஆம்பூர் பக்கம் ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். வீடு வேலூர் சத்துவாச்சாரி. தினமும் பள்ளிகொண்டா, மாதனூர் வழியாக பஸ்ஸில் போய்வருகிறேன். 2023 செப்டம்பரில் நடந்ததை இப்போது எழுதக் காரணம், அந்த ஒரு மாதம் நான் பட்ட பாட்டை என்னைப் போல சின்ன கம்பெனியில் தனியாக அக்கவுண்ட்ஸ் பார்க்கும் யாரும் படக்கூடாது என்பதுதான். எனக்கு யாரும் முன்னாடியே சொல்லித் தரவில்லை.

எங்கள் போர்டில் ஐந்து பேர். சேர்மன், அவரை எல்லோரும் பெரிய பாய் என்றுதான் சொல்வோம், எழுபது வயதைத் தாண்டியவர், தோலைத் தொட்டுப் பார்த்தே என்ன விலைக்கு வாங்கியது என்று சொல்லிவிடுவார். அவருடைய தம்பி, எம்.டி.யாக இருக்கும் மகன், பெங்களூரில் இருக்கும் மருமகன், அப்புறம் ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர் ஒருவர். மாதம் ஒரு சனிக்கிழமை, லுஹர் தொழுகை முடிந்து சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் அஸருக்கு எழுந்துவிடுவார்கள். அதில் ஆர்டர், ஆட்கள், பேங்க் லிமிட் எல்லாம் போக கணக்குக்கு மிஞ்சுவது பத்துப் பதினைந்து நிமிடம். இந்தப் பத்து நிமிடத்தை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

அதுவரை போர்டுக்கு லாப நஷ்டக் கணக்கு மட்டும்தான் போகும். பட்ஜெட்டோடு ஒப்பிட்டுக் காட்டச் சொன்னது ஆகஸ்ட் மாதக் கணக்கில்தான் முதல் தடவை. நான் நாலு நாள் ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து பதினாலு பக்கம் தயார் செய்தேன். டேலியில் இருக்கும் ஒவ்வொரு லெட்ஜரும் ஒரு வரி. பட்ஜெட், ஆக்சுவல், வித்தியாசம், சதவீதம் என்று நாலு நெடுவரிசை, மைனஸ் எல்லாம் சிவப்பில். உண்மையைச் சொன்னால் ரொம்பப் பெருமையாக இருந்தது. எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் காட்டியிருக்கிறேன் என்று நினைத்தேன்.

பெரிய பாய் மூன்றாவது பக்கத்தில் நிறுத்தினார். தோல் செலவு. பட்ஜெட் 41,80,000, ஆக்சுவல் 52,92,000, வித்தியாசம் 11,12,000, அதாவது 26.6 சதவீதம் கூடுதல். "என்னம்மா இது, ஒரே மாசத்துல பதினொரு லட்சமா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த பதில், "இந்த மாதம் புரொடக்‌ஷன் ஜாஸ்தி, ரேட்டும் கொஞ்சம் ஏறிடுச்சு பாய்." எவ்வளவு ஜாஸ்தி, எவ்வளவு ஏறியது என்று பேங்க் மேனேஜர் கேட்டார். என்னிடம் பதினாலு பக்கம் இருந்தது, அந்த இரண்டு எண் இல்லை. தொண்டை வறண்டு போய் தாளைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில், பர்ச்சேஸில் என்ன நடக்கிறது என்று பார்க்கும் வரை புதிதாகத் தோல் ஆர்டர் எதுவும் போடக்கூடாது என்று முடிவு எழுதினார்கள். பர்ச்சேஸ் பார்க்கும் அண்ணன் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

இப்போது அந்த 11,12,000 உண்மையில் என்ன என்று சொல்கிறேன், ஏனென்றால் விஷயம் முழுக்க இதில்தான் இருக்கிறது. பட்ஜெட் போட்டபோது ஆகஸ்டுக்கு 20,000 ஜோடி அப்பர், ஜோடிக்கு 2.2 சதுர அடி தோல், சதுர அடி 95 ரூபாய் என்று கணக்கு. ஜோடிக்குத் தோல் செலவு 209 ரூபாய். நடந்தது என்னவென்றால் 24,000 ஜோடி தைத்து அனுப்பினோம், ஜோடிக்கு 2.25 சதுர அடி ஆனது, சராசரி விலை 98 ரூபாய். நாலாயிரம் ஜோடி கூடுதலாகத் தைத்தால் அதற்குத் தோல் வேண்டாமா? அந்த நாலாயிரம் ஜோடிக்கு 209 ரூபாய் வீதம் 8,36,000 ஆகத்தான் செய்யும். அது தப்பே இல்லை, நல்ல செய்தி. அந்த ஜோடிகளுக்கு வந்த விற்பனைப் பணம் முதல் பக்கத்தில் இருந்தது. தோல் மூன்றாம் பக்கத்தில். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அந்தத் தாளில் வழியே இல்லை. மீதி 2,76,000 தான் கேட்க வேண்டிய கேள்வி. அதில் விலை ஏறியதால் 1,62,000, ஜோடிக்கு அதிகத் தோல் போனதால் 1,14,000.

போர்டுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: "ஜோடிக்குத் தோல் செலவு 209-க்குப் பதில் 220 ரூபாய் 50 காசு. 11 ரூபாய் 50 காசு கூடுதல், மொத்தம் 2.76 லட்சம். மீதி 8.36 லட்சம் 4,000 ஜோடி அதிகம் தைத்ததற்கு." இதைப் படிக்க இருபது செகண்ட் ஆகுமா? இந்த இருபது செகண்ட் இல்லாததால் ஒன்பது நாள் பர்ச்சேஸ் நின்றது.

மீட்டிங் முடிந்து நாலாவது நாள்தான் மேலே சொன்ன பிரிப்பை எக்ஸெலில் போட்டு எம்.டி.யிடம் காட்டினேன். அவர் பெரியவர்களிடம் பேசித் தடையை எடுக்க இன்னும் ஐந்து நாள். அதற்குள் தோல் பதனிடும் டேனரியில் எங்களுக்கென்று எடுத்து வைத்திருந்த லாட் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, உறுதியாக ஆர்டர் போடாமல் எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? அடுத்த லாட் மூன்று வாரம் கழித்து வந்தது. அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலில் போக வேண்டிய 6,000 ஜோடி தேதி தவறியது. தாமதம் எங்கள் பக்கம் என்றால் விமானத்தில் அனுப்பும் செலவு எங்களுடையது என்று பையரோடு ஒப்பந்தம். பேக்கிங்கோடு 2,700 கிலோ, கிலோவுக்கு 240 ரூபாய், ஆக 6,48,000 ரூபாய். 2.76 லட்சத்துக்குக் காரணம் தேடப் போய் 6.48 லட்சம் போனது. ஏர் ஃபிரைட் பில்லை டேலியில் என்ட்ரி போட்டது நான்தான். அன்றைக்கு பஸ்ஸில் வீடு வரும் வரை யாரோடும் பேசவில்லை.

சரி, பிரிப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு. எக்ஸெலில் இரண்டாவது வரிசையில் பட்ஜெட், மூன்றாவது வரிசையில் ஆக்சுவல். B நெடுவரிசையில் ஜோடி, C-யில் ஜோடிக்கு எத்தனை சதுர அடி, D-யில் சதுர அடி விலை. மூன்று ஃபார்முலா போதும், வரிசையாக ஜோடி எண்ணிக்கையால் வந்தது, தோல் அதிகம் போனதால் வந்தது, விலையால் வந்தது:

```
=(B3-B2)*C2*D2
=B3*(C3-C2)*D2
=B3*C3*(D3-D2)
```

மூன்றையும் கூட்டினால் மொத்த வித்தியாசம் சரியாக வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பட்ஜெட் எண்ணும் ஆக்சுவல் எண்ணும் கலந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு விஷயம் மட்டும் கவனமாக இருங்கள். C3-க்கு மாதக் கடைசியில் கோடவுனில் மிச்சம் இருக்கும் தோலை அளந்து எழுதியே ஆக வேண்டும். ஆரம்ப இருப்போடு வாங்கியதைக் கூட்டி, கடைசி இருப்பைக் கழித்தால்தான் உண்மையில் எவ்வளவு போனது என்று தெரியும், அதை ஜோடி எண்ணிக்கையால் வகுத்தால் C3. வாங்கிய பில்லை மட்டும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அடுத்த மாதத்துக்கு முன்கூட்டியே தோல் வாங்கிய மாதத்தில் கட்டிங் பிரிவு தோலை வீணடித்த மாதிரி வரும். ஆகஸ்டில் நல்லவேளை இருப்பு அளந்திருந்தோம்.

அக்டோபர் கணக்கிலிருந்து ஒரே பக்கமாக மாற்றினேன். முதலில் மாற்றியது பட்ஜெட் நெடுவரிசை. ஆகஸ்டுக்குப் போட்ட 20,000 ஜோடி மாதிரி பட்ஜெட் எண்ணிக்கையை அப்படியே வைக்காமல், அந்த மாதம் உண்மையில் அனுப்பிய ஜோடிக்குப் பட்ஜெட் ரேட்டில் எவ்வளவு ஆகியிருக்க வேண்டும் என்று மாற்றிப் போட்டு, அதோடுதான் ஆக்சுவலை ஒப்பிட்டேன். தோல், நூல், பேக்கிங், பீஸ் ரேட் கூலி மாதிரி ஜோடியோடு ஏறி இறங்குவதற்கு மட்டும்தான் இப்படி. வாடகை, ஆபீஸ் சம்பளம், இன்ஷூரன்ஸ் போன்றவற்றுக்குப் பழைய பட்ஜெட்டே இருக்கட்டும், அவை ஜோடி கூடினாலும் கூடாது. அதிக ஜோடியால் வந்த லாபத்தை மேலே தனியாக ஒரே ஒரு வரியில் காட்டிவிட்டேன்.

அடுத்தது மைனஸ் குறி. பழைய தாளில் விற்பனையில் மைனஸ் என்றால் கெட்டது, செலவில் மைனஸ் என்றால் நல்லது. நமக்கு அது பழகிப்போன விஷயம், ஆனால் அவர்கள் ஒவ்வொரு வரியிலும் நின்று இது நல்லதா கெட்டதா என்று யோசிக்க வேண்டியிருந்தது. சிவப்பு நிறமும் உதவவில்லை, போர்டுக்குப் போவது ஜெராக்ஸ் காப்பி, அதில் சிவப்பும் கறுப்பும் ஒன்றுதான். இப்போது ஒரே நெடுவரிசை: "லாபத்தில் விளைவு". லாபத்தைக் கூட்டினால் ப்ளஸ், குறைத்தால் மைனஸ், எந்த வரியாக இருந்தாலும். தொகை லட்சத்தில், ஒரு தசமம், பெரிய பாய் கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவு எழுத்து.

எந்த வரிக்கு விளக்கம் எழுதுவது என்பதிலும் தடுமாறினேன். முதலில் ஐந்து சதவீதம் தாண்டிய எல்லாவற்றுக்கும் எழுதினேன், ஸ்டேஷனரிக்கு 40 சதவீதம் என்று எட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு விளக்கம் வந்து நின்றது. இப்போது ஐந்து சதவீதமும் தாண்ட வேண்டும், ஒரு லட்சமும் தாண்ட வேண்டும். ஆனால் மூன்று வரிகளுக்கு இந்த விதி கிடையாது, பத்தாயிரம் என்றாலும் எழுதுவேன்: ஏர் ஃபிரைட், பையர் போடும் டெபிட் நோட், ஓவர்டைம். இவை சின்னதாக ஆரம்பிக்கும்போதே தெரிய வேண்டியவை, ஏனென்றால் உள்ளே ஏதோ தாமதமோ தரக் குறைவோ நடக்கிறது என்று இவைதான் முதலில் சொல்லும். எம்.டி. ஒரு தடவை, "லோக்கல் லாரி வாடகையில் மிச்சம் ஆனதையும் ஏர் ஃபிரைட்டையும் ஒரே வரியில் போட்டால் கழிந்துவிடுமே" என்றார். அன்றைக்கு முதல் தடவையாக அவரிடம் மறுத்துப் பேசினேன். கழித்துப் போட்டால் இரண்டுமே நடக்காத மாதிரி ஆகிவிடும் சார் என்றேன். ஒப்புக்கொண்டார்.

விளக்கம் எழுதுவதுதான் கஷ்டமான பாகம். நான் ஆரம்பத்தில் எழுதியது, "தோல் செலவு உயர்வு காரணமாகச் செலவு கூடியது." இது விளக்கமே இல்லை, எண்ணையே திரும்ப வார்த்தையில் சொல்வது. இப்போது எழுதும்போது எனக்குள் நாலு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: என்ன நடந்தது, அது எவ்வளவு, அடுத்த மாதமும் வருமா, யார் என்ன செய்கிறார்கள். ஆகஸ்டுக்கு இன்று எழுதினால் இப்படி இருக்கும்: "தோல் −2.8 லட்சம். அவசரத்துக்கு வாங்கிய ஒரு லாட்டில் விலை கூடுதல் (1.6), அதே லாட்டில் கீறல் அதிகம் இருந்ததால் கட்டிங்கில் கூடுதலாகப் போனது (1.1). லாட் தீர்ந்துவிட்டது, அடுத்த மாதம் வராது. இனி ஆர்டர் மூன்று வாரம் முன்னால் போடப்படும்." லட்சத்தில் முழுமையாக்கும்போது இங்கே 1.6-ம் 1.1-ம் சேர்ந்து 2.7 தான் வருகிறது. இதே மாதிரி வேறொரு விளக்கத்தைப் பார்த்து, கூட்டினால் சரியாக வரவில்லையே என்று ஒரு தடவை பேங்க் மேனேஜர் கேட்டார். அதிலிருந்து பக்கத்தின் அடியில் "முழுமையாக்கியதால் 0.1 வித்தியாசம் வரலாம்" என்று போட்டுவிடுகிறேன்.

"அடுத்த மாதமும் வருமா" என்ற கேள்வி எவ்வளவு முக்கியம் என்று அந்த அக்டோபர் கணக்கிலேயே தெரிந்தது. சம்பளச் செலவில் 31 லட்சம் மிச்சம் என்று வந்தது. காரணம் ரொம்பச் சின்னது. பட்ஜெட்டை முந்தைய ஆண்டின் மாதங்களைப் பார்த்துப் போட்டிருந்தோம், 2022-ல் தீபாவளி அக்டோபர் 24, அதனால் போனஸ் அக்டோபரில். 2023-ல் தீபாவளி நவம்பர் 12. போனஸ் நவம்பரில்தான் கொடுத்தோம். பழைய தாளாக இருந்தால் அந்த 31 லட்சத்தைப் பார்த்து நல்ல மாதம் என்று நினைத்திருப்பார்கள், அடுத்த மாதம் மறுபடி அதிர்ச்சி. "+31.0 லட்சம். இது மிச்சம் இல்லை. போனஸ் நவம்பர் கணக்கில் வரும், அங்கே இதே தொகை மைனஸாகத் தெரியும்" என்று எழுதினேன். பெரிய பாயின் தம்பி படித்துவிட்டுத் தலையாட்டி அடுத்த வரிக்குப் போனார். 2024-25 பட்ஜெட்டிலிருந்து போனஸைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் செலவில் எழுதி வைக்கிறோம், இந்தப் பிரச்சினையே வருவதில்லை.

இவ்வளவு ஆன பிறகும் 2024 ஜூனில் நான் ஒரு பெரிய தப்பு செய்யப் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மாதம் 22,000 ஜோடி. பட்ஜெட் 2.2 வீதம் 48,400 சதுர அடி போயிருக்க வேண்டும், போனது 57,100. கூடுதல் 8,700 சதுர அடி, 95 ரூபாய் வீதம் 8,26,500. கட்டிங்கில் தோல் வீணாகிறது என்று விளக்கம் எழுதியே விட்டேன். அனுப்புவதற்கு முன் ஏதோ உறுத்தியது, கீழே போய் கட்டிங் மாஸ்டரிடம் கேட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு பேட்டர்னை எடுத்து மேஜையில் வைத்தார். கணுக்கால் வரை வரும் பூட். "இதுக்கு ஜோடிக்கு 3.6 அடி போகும்மா. இந்த மாசம் ஆறாயிரம் ஜோடி இதுதான்." பட்ஜெட்டின் 2.2 சாதாரண ஷூவுக்கு. குளிர்காலத்துக்குப் போகும் பூட் ஆர்டர் கலந்து வந்த மாதம் என்பதை நான் கவனிக்கவில்லை. 16,000 ஜோடிக்கு 2.2, 6,000 ஜோடிக்கு 3.6 என்று போட்டால் 56,800 சதுர அடி. உண்மையில் கூடுதல் 300 சதுர அடி, 28,500 ரூபாய், என் விதிப்படி விளக்கமே தேவையில்லாத அளவு. அந்தத் தாள் போர்டுக்குப் போயிருந்தால் முந்தின வருஷம் பர்ச்சேஸ் அண்ணன் நின்ற அதே கதவோரத்தில் மாஸ்டர் நின்றிருப்பார். அதிலிருந்து மாடல் வாரியாக ஜோடியைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் கணக்கு. மாடல் கலவை மாறும் தொழில் எதுவாக இருந்தாலும் மேலே சொன்ன மூன்று ஃபார்முலாவை மொத்த எண்ணில் போடாதீர்கள், பொய்யாகத்தான் வரும்.

இன்னொரு பழக்கமும் அன்றைக்குத்தான் வந்தது. போர்டுக்கு இரண்டு நாள் முன்னால் ஒவ்வொரு விளக்கத்தையும் அந்த வேலையைப் பார்ப்பவரிடம் காட்டுகிறேன். எண்ணை மாற்ற விடமாட்டேன், காரணத்தை அவர்கள் திருத்தலாம். பர்ச்சேஸ் அண்ணன் ரொம்ப நாள் என்னிடம் வேலை விஷயம் தவிர வேறு பேசவில்லை, அதில் நியாயம் இருந்தது. முதல் தடவை தாளைக் கொண்டுபோய் நீட்டியபோது படிக்காமலேயே கையெழுத்துப் போடுவது போலத் திருப்பிக் கொடுத்தார். போன மாதம் பேனாவை எடுத்து, "விலை உயர்வு" என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, "தரம் உயர்த்தி வாங்கியது, பையர் ஒப்புக்கொண்டு ஜோடிக்கு ஆறு ரூபாய் கூட்டிக் கொடுத்தார்" என்று எழுதினார். அந்த ஆறு ரூபாய் விற்பனைக் கணக்கில் எனக்குக் காரணம் தெரியாமல் நின்றுகொண்டிருந்தது. "இதை ஏண்ணா முன்னாடியே சொல்லல?" என்றேன். "நீ கேக்கலியேம்மா" என்றார். இரண்டு வரியையும் சேர்த்து எழுதி அந்தச் சனிக்கிழமை கொடுத்தேன்.